கெட்ட கடிதமா, கேட்ட கடிதமா?

இந்தியக் குடிமைப் பணிகளுக்கான முதன்மைத் தேர்வில் பொது அறிவுத் தாள் ஒன்றுக்கு 20 கேள்விகள். பத்துக்கு 150 சொல் அளவிலும், மற்றப் பத்துக்கு 250 சொல் அளவிலும் விடை எழுத வேண்டும். மொத்தம் 4,000 சொல், நேரமோ 3 மணி. ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினாலும் நிமிடத்துக்கு 22 சொல் ஓட வேண்டும். இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் எழுதும்போது சொற்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாக நிற்பது இங்கே வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். ஆனால் கைக்கு வேலை குறைவதில்லை. ‘இணைக்கப்பட்டிருக்கிறது’ என்பது கணக்கில் ஒரு சொல்தான், எழுதிப் பார்த்தால் தெரியும்.

மாநிலத் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வுக்கு உட்காருபவர்களுக்கும் இதே பாடுதான். கல்லூரியை விட்டு வந்து பத்து ஆண்டுகள் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, முப்பது வயதில் மறுபடி பேனாவைப் பிடிப்பவர்கள் இவர்கள். முதல் மாதிரித் தேர்விலேயே கை மடங்குகிறது. உடனே கடைக்குப் போய் இரட்டைக்கோடு நோட்டு வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல அ, ஆ எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, பயனும் அதிகம் இல்லை. எழுத்தின் வடிவம் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. மெதுவாக எழுதச் சொன்னால் அழகாகவே எழுதுவார்கள். வேகம் எடுத்ததும் எது முதலில் உடைகிறது என்பதுதான் கேள்வி.

அச்சகத்தில் பிழை திருத்திய காலத்தில் நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளை நான் படித்திருக்கிறேன். அழகில்லாத கையெழுத்து எங்களை ஒருபோதும் தொல்லைப்படுத்தியதில்லை. ஒருவர் ‘ண’வை எப்படிக் கிறுக்குகிறார் என்று முதல் இரண்டு பக்கத்தில் பிடிபட்டுவிட்டால், பிறகு புத்தகம் முழுக்க ஓட்டமாகப் படித்துவிடலாம். படிக்க முடியாதது மாறிக்கொண்டே இருக்கும் கையெழுத்து. ஒரு வரியில் பெரிதாக, அடுத்த வரியில் பொடியாக, பக்கத்தின் இடப்பக்கம் நிமிர்ந்து, வலப்பக்கம் சரிந்து போகும் எழுத்துக்குக் கண் பழகவே முடியாது. ஆகவே தெளிவு என்பதை அழகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அளவும் ஒரே சாய்வும் இருந்தால் தெளிவு முக்கால் பங்கு வந்துவிடும். அந்த இரண்டையும் குலைப்பது, பெரும்பாலும், பேனாவை இறுக்கிப் பிடிக்கும் விரல்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்மணியின் நோட்டு இதற்கு நல்ல சான்று. இரண்டு பிள்ளைகளின் தாய், பகலில் வேலைக்கும் போகிறவர். “அண்ணா, முதல் அரை மணி நேரம் நல்லா வருது. அப்புறம் என் எழுத்தை நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்கணும்” என்றார். எழுதும் விதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளந்துவிடுவோம் என்று, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடப்பகுதியைப் பார்க்காமல் 5 நிமிடம் எழுதச் சொன்னேன். சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணினோம். மெய்யெழுத்தும் ஓர் எழுத்து, கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’வும் ஓர் எழுத்து. தமிழில் சொல்லின் நீளம் தாறுமாறாக மாறும் என்பதால் வேகத்தை அளக்க இதுவே நம்பகமான வழி. 340 எழுத்து வந்தது. அதாவது நிமிடத்துக்கு 68.

தெளிவை அளப்பதற்கும் ஓர் எளிய முறை உண்டு. எழுதிய தாளை இன்னொருவர் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தயங்கும் இடத்திலும், தவறாகப் படிக்கும் இடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எழுதியவரே படிக்கக் கூடாது. என்ன எழுதினோம் என்று அவருக்கு முன்பே தெரியும். நூலகத்துக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவர் படித்தார். அந்த ஒரு பக்கத்தில் 17 இடத்தில் தயங்கினார். ‘கேட்ட கடிதம்’ என்று எழுதியிருந்ததைக் ‘கெட்ட கடிதம்’ என்று படித்துவிட்டுச் சிரித்தார். ‘மரம்’ அவர் கண்ணுக்கு ‘மாம்’ என்று தெரிந்தது.

அந்தத் தாளைப் புரட்டினேன். பின்பக்கத்தில் எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. அடியில் இருந்த இரண்டாம் தாளிலும், மூன்றாம் தாளிலும் வரிகளைத் தடவிப் படிக்கலாம் போலப் பள்ளம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

பேனா பிடிப்பது என்றதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர, நடுவிரல் அடியில் தாங்க, மூன்று விரல் பிடிதான் சரி என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல பிடிதான். ஆனால் நாலு விரலால் பிடிப்பவர்களும், கட்டைவிரலைக் குறுக்கே போட்டுப் பிடிப்பவர்களும் உலகத்தில் ஏராளம். 2012-ஆம் ஆண்டு வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வில், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேரின் எழுத்தை ஒப்பிட்டார்கள். பரவலாகக் காணப்படும் நான்கு வகைப் பிடிகளில் எதைப் பிடித்தாலும் வேகத்திலும் தெளிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. அது குழந்தைகளைப் பற்றிய ஆய்வு என்பது உண்மைதான். ஆனாலும் இருபது முப்பது ஆண்டுகள் பழகிய பிடியைப் பெரியவர் ஒருவர் முழுதாக மாற்ற முனைந்தால் பல வாரங்களுக்கு வேகம் படுத்துவிடும். வலி இல்லாதபோது அந்த வேலையே தேவையில்லை என்பது என் கருத்து. நம் பெண்மணி கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் மேல் மடக்கிப் பிடிப்பவர். அதை நான் தொடவில்லை.

மாற்ற வேண்டியது அழுத்தத்தை. எழுதும்போது ஆள்காட்டி விரலின் நகத்தைப் பாருங்கள். நுனி வெளுத்திருந்தால் இரத்தம் ஓடாத அளவுக்கு அழுத்துகிறீர்கள். அந்த விரலின் கடைசிக் கணு உள்பக்கமாகக் குழிந்து வளைந்திருந்தால் அதுவும் அதே செய்திதான். கட்டைவிரலின் அடிச்சதையில் வலி, நடுவிரலின் பக்கத்தில் காய்ப்பு, தாளின் பின்னால் புடைப்பு, எல்லாம் ஒரே காரணத்தின் அடையாளங்கள். இறுகிய விரல் சிறு வளைவைப் போட முடியாமல் திணறும். தமிழோ சுழி மிகுந்த எழுத்து. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு. களைத்த விரல் முதலில் கைவிடுவது சுழியைத்தான்.

அழுத்தாதே என்று சொன்னால் யாருக்கும் அழுத்தம் குறையாது. அழுத்தத் தேவையில்லாதபடி பேனாவை மாற்றிக்கொடுக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவில் நுனிக் குண்டு உருண்டால்தான் மை இறங்கும். அதன் மை கெட்டி, அதனால் கை அழுத்தியே தீரும். ஜெல் பேனாவிலும் மைப்பேனாவிலும் மை நீர்த்தது, தொட்டாலே ஓடும். நாள் முழுதும் எழுதுபவருக்கு ஜெல் பேனா மேல். பருமனும் முக்கியம்: மெல்லிய பேனாவைப் பிடிக்க விரல்கள் அதிகம் நெருக்க வேண்டும். பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை போட்ட, சற்றுத் தடித்த பேனா போதும். அடுத்தது, நுனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பது. நம் பெண்மணி நுனிக்கு ஒன்றரை சென்டிமீட்டரில் பிடித்திருந்தார். விரல் முனையை மறைத்தது, எழுதுவதைப் பார்க்கத் தலை குனிந்தது, கழுத்தும் வலித்தது. 2.5 முதல் 3 சென்டிமீட்டர் வரை பின்னால் தள்ளிப் பிடித்தால் முனை தெரியும், பேனாவும் தானாகச் சாயும். பேனாவில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டோம். விரல் அதைத் தாண்டி முன்னால் போனால் உடனே தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய திருத்தம் கையின் மற்ற பாகத்தில் இருக்கிறது. பலர் மணிக்கட்டைத் தாளில் ஊன்றிக்கொண்டு, விரலை மட்டும் நீட்டி மடக்கி எழுதுகிறார்கள். நாலைந்து எழுத்துக்கு விரல் எட்டும். அதன் பிறகு கையைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்கி வைப்பதற்குள் விரல் எட்டாத தூரத்துக்கு இழுபட்டு எழுத்து சரியும். சுண்டுவிரலின் பக்கத்தைத் தாளில் இலேசாகத் தொட விட்டு, முழங்கையிலிருந்து முன்கை முழுதும் வலப்பக்கம் வழுக்கிப் போக வேண்டும். விரல்கள் சுழி போடும், முன்கை கொண்டுபோகும். இதற்காக முழங்கைக்கு முன்னால் உள்ள தசை மேசை விளிம்பில் படிந்திருக்க வேண்டும். மேசை மிக உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், முன்கை வழுக்காது. முழங்கையை மடக்கி உட்கார்ந்தால் மேசைப்பலகை அதன் மட்டத்தில் இருக்க வேண்டும். தாளுக்கு அடியில் நாலைந்து தாளை வைத்துக்கொள்வதும் நல்லது. வெறும் பலகையின் மேல் ஒற்றைத் தாள் வைத்தால் முனை குத்தும்.

இனி அளவு. இங்கே தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ‘க’, ‘ப’, ‘ம’, ‘ட’ போன்றவை வரிக்குள் அடங்கி நிற்கும் உடல் எழுத்துகள். ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும் உடலுக்கு மேலே போகும். ‘கு’, ‘மு’, ‘து’ போன்றவற்றின் கீழ்ச்சுற்றும், ‘ர’, ‘ழ’, ‘ற’ ஆகியவற்றின் வாலும் கீழே இறங்கும். அதாவது ஒவ்வொரு வரியும் மேல், நடு, கீழ் என்று மூன்று பட்டை. உங்கள் நோட்டில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உடலுக்கு 3, மேலே 2, கீழே 2 என்று கொடுத்தால் 7 ஆகிறது; ஒரு மில்லிமீட்டர் வெறுமையாக நின்று வரிகளைப் பிரித்துக் காட்டும்.

நம் பெண்மணியின் உடல் எழுத்து 5 மில்லிமீட்டருக்கு மேல். மேலும் கீழும் அதே விகிதத்தில் நீண்டால் மூன்று மூன்று வேண்டும். மொத்தம் 11, கிடைக்கும் இடமோ 8. அப்படியானால் மேல்வரியின் ‘மு’ கீழ்வரியின் புள்ளியின் மேல் போய் இடிக்கும். கை அதைத் தவிர்க்கத் தானாகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கும்: வாலை வெட்டிவிடும். ‘ர’வின் வால் போனால் அது வெறும் கால். ‘மரம்’ எப்படி ‘மாம்’ ஆனது என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. ‘கே’யின் கொம்பில் மேல்சுழியைப் போட இடமில்லாமல் ஒற்றைக்கொம்பாக விட்டதால்தான் கேட்ட கடிதம் கெட்ட கடிதமானது. எழுத்தின் வடிவம் அவருக்குத் தெரியாமல் இல்லை. இடம்தான் இல்லை.

அதற்காக எழுத்தைப் பொடியாக்கினால் வேகம் பறக்கும் என்று எண்ண வேண்டாம். எழுத்தைப் பாதியாகச் சுருக்கினால் எழுதும் நேரம் பாதியாகக் குறைவதில்லை. பெரிய கோடு போடும்போது கை தானாகவே விரைவாக ஓடும், சிறியது போடும்போது மெதுவாகும்; நேரம் கிட்டத்தட்ட அதே அளவில் நின்றுவிடும். உடலியக்கத்தை ஆராய்பவர்கள் நெடுநாளாக அறிந்த உண்மை இது. உடல் எழுத்து இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ‘ண’வின் சுழிகளுக்குள் மை நிரம்பிவிடும். 3 முதல் 3.5 வரை வைத்துக்கொண்டு 0.5 அல்லது 0.7 முனையில் எழுதுவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். தடித்த முனை வேண்டும் என்பவர்கள் எழுத்தையும் சற்றுப் பெரிதாக்கி, ஒரு கோடு விட்டு ஒரு கோடு எழுத வேண்டியிருக்கும்.

அளவைப் பழகுவதற்கு இரட்டைக்கோடு நோட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் இடைவெளி பிள்ளைகளின் கைக்கு ஏற்றது. சாதாரணக் கோடு போட்ட நோட்டில், ஒவ்வொரு கோட்டுக்கும் 3 மில்லிமீட்டர் மேலே பென்சிலால் இலேசாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உடல் எழுத்து எல்லாம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. ஒரு வாரம் அப்படி எழுதிவிட்டுப் பென்சில் கோட்டை ஒரு வரி விட்டு ஒரு வரி போடுங்கள். பிறகு பக்கத்துக்கு இரண்டு. கண் அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டதும் கோடு வேண்டியதில்லை. வரியின் முடிவில் இடம் போதாது என்று தெரிந்ததும் எழுத்தை நெருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தமிழில் சொல் நீளமாக வருவதால் இது அடிக்கடி நேரும். நெருக்காதீர்கள், சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். தமிழில் அப்படி உடைப்பது வழக்கம்தான். மெய்யெழுத்து வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சாய்வைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. நேராக எழுதினால்தான் நல்ல கையெழுத்து என்பார்கள். அச்சில் தமிழ் நிமிர்ந்து நிற்பதால் வந்த எண்ணம் அது. வலப்பக்கம் சற்றே சாய்ந்த எழுத்தும் படிக்க எளிது, வேகமாக எழுதுபவர்களுக்கு அதுதான் இயல்பாகவும் வரும். எந்தச் சாய்வானாலும் பக்கம் முழுதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சாய்வை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். எழுதிய பக்கத்தில் நேர்க்கோடு உள்ள எழுத்துகளைத் தேடுங்கள். ‘ட’வின் இடக்கோடு, ‘ப’வின் இரண்டு கோடுகள், ‘க’வின் நடுக்கோடு, கால். அந்தக் கோடுகளின் மேல் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் நீட்டிப் பென்சிலால் இழுங்கள். ஒரு வரிக்குப் பத்துக் கோடு போதும். எல்லாம் இணையாகப் போனால் நல்லது. நம் பெண்மணியின் பக்கத்தில் கோடுகள் விசிறியைப் போல விரிந்தன. இடப்பக்கம் கிட்டத்தட்ட நேர். நடுவில் வலப்பக்கம் சாய்வு. வரியின் முடிவில் பாதி படுத்துவிட்ட நிலை. எல்லா வரியிலும் இதே வரிசை.

முழங்கையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு எழுதினால் கை ஒரு வட்டத்தின் வில்லாகத்தான் நகரும். வரியின் தொடக்கத்தில் பேனா ஒரு கோணத்தில் தாளைத் தொடும், முடிவில் வேறு கோணத்தில். எழுத்தும் அதற்கேற்பச் சாயும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, தாளைச் சாய்த்து வைப்பது. வலக்கையால் எழுதுபவர் தாளின் மேல்விளிம்பை இடப்பக்கமாகச் சற்றுத் திருப்பி, வரிகள் ஏறத்தாழ முன்கைக்குக் குறுக்காக வரும்படி வைக்க வேண்டும். 20 முதல் 30 டிகிரி போதும். அப்போது முன்கையின் இயல்பான வீச்சு வரியோடு ஒத்துப்போகும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தாளை வலப்பக்கம், இன்னும் சற்று அதிகமாகத் திருப்பி, கையை வரிக்குக் கீழே வைத்தால் மை அழியாது. மணிக்கட்டை மேலே வளைத்துக் கொக்கி போல எழுத வேண்டிய துன்பமும் இருக்காது.

இரண்டாவது, மற்றக் கைக்கு வேலை கொடுப்பது. பெரும்பாலோரின் இடக்கை மடியில் கிடக்கிறது, அல்லது தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது தாளைப் பிடித்து, ஐந்தாறு வரிக்கு ஒருமுறை மேலே தள்ள வேண்டும். எழுதும் கை மேசையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்க, தாள்தான் நகர வேண்டும். பனையோலையில் எழுதியவர்கள் ஏட்டை இடக்கையில் பிடித்து, எழுத்தாணிக்கு அடியில் ஏட்டை நகர்த்தியே எழுதினார்கள். பக்கத்தின் அடிவரிகளில் எழுத்து கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் களைப்பு அல்ல; கை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குவதுதான். தாளை மேலே தள்ளினால் கடைசி வரியும் முதல் வரியைப் போலவே வரும்.

தேர்வு அறையில் மேசை குறுகலாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடைத்தாள் தடித்த கட்டாக இருக்கும், முழுதாகச் சாய்க்க இடமிருக்காது. அங்கே தாளுக்குப் பதில் உடம்பைத் திருப்ப வேண்டும்: நாற்காலியில் சற்று வலப்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் முன்கைக்கும் தாளுக்கும் இடையிலுள்ள கோணம் கிட்டத்தட்ட அதேதான். வீட்டில் பழகும்போதே இதையும் பழகிவிட வேண்டும்.

இவ்வளவும் சரியானால் வேகம் தானாக ஓரளவு கூடும். அதற்கு மேல் கூட்ட வேண்டுமானால், பேனா தாளில் ஓடும் நேரத்தைவிட, தாளை விட்டு எழும்பி நிற்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ‘விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்ட ஆவணங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். 23 எழுத்து, அவற்றில் ஒன்பதுக்குப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பேனா மேலே பறந்து, குத்தி, கீழே இறங்கி வருகிறது. ஒன்பது முறை. சிலர் புள்ளியைச் சுழித்து வட்டமாகவே போடுகிறார்கள், அது இன்னும் நேரம் தின்னும். சொல்லை முழுதாக எழுதிவிட்டு, பிறகு இடமிருந்து வலமாகப் புள்ளிகளை ஒரே ஓட்டத்தில் வைப்பது விரைவானது. ஆனால் ‘ண்ண’, ‘ப்ப’ என்று இரட்டித்து வரும்போது புள்ளி இரண்டாம் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. என் தீர்ப்பு இது: எழுதிய பக்கத்தில் விடுபட்ட புள்ளிகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால் சொல்லின் முடிவில் வைக்கலாம். அதற்கு மேல் விட்டிருந்தால் எழுத்துக்கு எழுத்து வைப்பதே உங்களுக்கு நல்லது. புள்ளி இல்லாத பக்கத்தைப் படிப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சில எழுத்துகளில் எவ்வளவு அவசரத்திலும் கை வைக்கக் கூடாது. ‘ர’வின் வால், இரட்டைக்கொம்பின் மேல்சுழி, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள ஒரு சுழி வேறுபாடு, ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள வேறுபாடு, ‘ப’வின் திறந்த வாய். இவற்றை விட்டால் சொல்லே மாறிப்போகும். மற்ற இடங்களில் தாராளமாக இருக்கலாம். ‘அ’வின் தொடக்கச் சுழி சிறுத்தாலும், ‘ஐ’யின் வளைவு மழுங்கினாலும் யாரும் தவறாகப் படிக்கப் போவதில்லை. அறுபதைத் தாண்டிய சிலர், 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் பழகிய பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களையே இன்னும் கையால் எழுதுகிறார்கள். துதிக்கையைத் தூக்கியது போன்ற அந்த வடிவம் கையெடுக்காமல் ஒரே ஓட்டத்தில் வரும் என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு விடைத்தாள் திருத்துபவர்களில் பலர் அதைப் பள்ளியில் படித்ததே இல்லை. குடும்பக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேகப் பயிற்சிக்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன வாக்கியத்தைப் போலச் சுழியும் புள்ளியும் நிறைந்த ஒரு வாக்கியத்தை ஒரு நிமிடம் சாதாரணமாக எழுதி, எழுத்துகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அடுத்த நிமிடம் சற்று விரைவாக. அதற்கடுத்த நிமிடம் இன்னும் விரைவாக. ஏதோ ஒரு கட்டத்தில் ‘ண’வின் சுழி அடைபடும், அல்லது உடல் எழுத்து பென்சில் கோட்டைத் தாண்டும். அதுதான் அன்றைய எல்லை. அதிலிருந்து ஒரு படி இறங்கி, மீதி நேரத்தை அந்த வேகத்தில் எழுத வேண்டும். எல்லையிலேயே நின்று எழுதினால் உடைந்த வடிவத்தைத்தான் கை மனப்பாடம் செய்யும். முதல் வாரத்தில் பிடியையும் தாளையும் மட்டும் திருத்தினோம். அளவு, சாய்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, வேகத்துக்கு நாலாம் வாரம்தான் வந்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கவனித்தால் எதுவும் நிற்காது. தொடக்கத்தில் அவருடைய வேகம் குறையத்தான் செய்தது. “முன்னாடி எழுதினதே தேவலை போல இருக்கே அண்ணா” என்று சலித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே 5 நிமிடச் சோதனையில் 400 எழுத்து வந்தது. நிமிடத்துக்கு 68 என்றிருந்தது 80 ஆனது. பிரமாதமான வேகம் அல்ல. ஆனால் அவர் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு ஒன்றின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதே மாணவர் படித்ததில் 4 இடத்தில்தான் தயங்கினார். தாளின் பின்பக்கம் வழவழப்பாக இருந்தது. கையெழுத்து அழகாகிவிட்டதா என்றால் இல்லை. அவருடைய ‘ழ’ இன்றைக்கும் கோணல்தான், ஆனால் எல்லா ‘ழ’வும் ஒரே கோணலில் இருக்கின்றன. வேகத்தை இதற்கு மேலும் ஓரளவு கூட்டலாம். பிறகு ஓர் இடத்தில் நின்றுவிடும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம். அதன் பிறகு தேர்வில் நேரம் மிச்சமாவது குறைவாக எழுதுவதால்தான், விரைவாக எழுதுவதால் அல்ல.

பழக்கத்தால் தீராத கோளாறுகளும் உண்டு. மற்ற வேலையெல்லாம் சரியாகச் செய்யும் கை, பேனாவைப் பிடித்ததும் மட்டும் முறுக்கிக்கொண்டால் அது எழுத்தர் பிடிப்பு எனப்படும் நரம்பியல் சிக்கலாக இருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது காரணமாக இருக்கலாம். வயதானவர்களின் எழுத்து, வரி நகர நகரச் சிறுத்துக்கொண்டே போய்ப் பொடியாகிவிட்டால், அது பார்க்கின்சன் நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்றாகவும் இருக்கக்கூடும். இவற்றில் எது தெரிந்தாலும் பேனாவையும் தாளையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பழைய நோட்டு ஒன்றையும் இப்போதைய நோட்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்கு உதவியாக இருக்கும்.